மலை ஏறும் ரயிலும் காகிதத்தில் ஏறும் கோடும்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயிலின் பயணத்தைத் தொலைவு–நேர வரைபடமாக வரைந்து ஒருவரிடம் நீட்டுங்கள். "ரயில் செங்குத்தான மலையில் ஏறுவது எந்த இடத்தில்?" என்று கேளுங்கள். கோடு விருட்டென்று மேலே எழும்பும் முதல் பகுதியில்தான் பெரும்பாலும் விரல் போய் நிற்கும். ஆனால் அந்தப் பகுதி சமவெளி. ரயில் உண்மையிலேயே மூச்சுமுட்ட ஏறும் மலைச்சரிவு, வரைபடத்தில் படுத்தாற்போல் கிடக்கும் கோட்டில் இருக்கிறது.

ஏழாம் வகுப்புப் பாடம்தானே என்று பெரியவர்கள் தள்ளிவிடும் இந்த வரைபடத்தில் பலரும் வழுக்கும் இடம் இதுதான். கோட்டைப் பார்த்ததும் அதை ஒரு படமாக, மலையின் பக்கவாட்டுத் தோற்றமாக எடுத்துக்கொள்கிறோம். தொலைவு–நேர வரைபடம் எதையும் படம் பிடிப்பதில்லை. எந்த நேரத்தில் எவ்வளவு தொலைவில் ரயில் இருந்தது என்ற ஒரே ஒரு செய்தியைத்தான் அதன் ஒவ்வொரு புள்ளியும் சொல்கிறது. வேகம், நிறுத்தம், திரும்பி வருதல் எல்லாவற்றையும் அந்த ஒரு செய்தியிலிருந்து நாம்தான் படித்தெடுக்க வேண்டும். அதற்கு நீலகிரி மலை ரயிலைவிட நல்ல பாடம் கிடைக்காது. காரணம், இங்கே நிஜமான மலையும் இருக்கிறது, கோட்டின் சாய்வும் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருப்பதால், பிரித்துப் பார்க்கவும் இங்கேயே கற்றுக்கொள்ளலாம்.

முதலில் ரயிலைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். மேட்டுப்பாளையம்–ஊட்டி பாதை ஏறக்குறைய 46 கிலோமீட்டர். குன்னூர் வரையிலான பகுதி 1899-இல் திறக்கப்பட்டது. 1908-இல் பாதை ஊட்டியை எட்டியது. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை முதல் 8 கிலோமீட்டர் கிட்டத்தட்டச் சமதளம். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகள் தொடங்குகின்றன. இன்ஜினின் பல்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விப் பிடித்து ஏறும். சில இடங்களில் 12 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் மேலே ஏற வேண்டும். சாதாரண ரயில் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். குன்னூர் வரை இருபது கிலோமீட்டருக்கு இந்தப் பல் தண்டவாளம் உண்டு. நீராவி இன்ஜின் பெட்டிகளின் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகும். குன்னூரில் இன்ஜின் மாறுகிறது. அங்கிருந்து ஊட்டி வரை ஏற்றம் குறைவு என்பதால் பற்கள் தேவையில்லை. டீசல் இன்ஜின் போதும்.

காலை 7.10-க்குப் புறப்பட்டு நண்பகல் வாக்கில் ஊட்டி சேர்வது, பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பி மாலை 5.35-க்கு மேட்டுப்பாளையம் திரும்புவது என்பது இந்த ரயிலின் வழக்கமான கால அட்டவணை. இடையில் வரும் நிமிடங்களைக் கணக்கு எளிதாக இருக்கும்படி முழுமையாக்கி, சிறு நிலையங்களை விட்டுவிட்டு, நம் வரைபடத்துக்கான நேரங்களை இப்படி வைத்துக்கொள்வோம்:

மேட்டுப்பாளையம் (0 கி.மீ.): புறப்பாடு காலை 7.10
கல்லாறு (8 கி.மீ.): வருகை 7.30, புறப்பாடு 7.40
ஹில்குரோவ் (18 கி.மீ.): வருகை 8.40, புறப்பாடு 9.00
குன்னூர் (28 கி.மீ.): வருகை 10.15, புறப்பாடு 10.45
ஊட்டி (46 கி.மீ.): வருகை 12.00, புறப்பாடு பிற்பகல் 2.00
குன்னூர்: வருகை 3.15, புறப்பாடு 3.30
ஹில்குரோவ்: வருகை 4.20, புறப்பாடு 4.25
கல்லாறு: 5.15 (நிற்காமல் கடக்கிறது)
மேட்டுப்பாளையம்: வருகை 5.35

ஒரு கிராஃப் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடை அச்சில் நேரம்: ஒரு மில்லிமீட்டருக்கு 5 நிமிடம். செங்குத்து அச்சில் மேட்டுப்பாளையத்திலிருந்து ரயில் இருக்கும் தொலைவு: ஒரு கிலோமீட்டருக்கு 2 மில்லிமீட்டர். 7.10-க்கு நேராக 0-வில் ஒரு புள்ளி, 7.30-க்கு நேராக 8-இல் ஒரு புள்ளி, இப்படியே புள்ளிகளை வைத்து வரிசையாகக் கோட்டால் இணைத்தால் முழு நாளும் ஒரே தாளில் வந்துவிடும்.

முதல் கோட்டுத்துண்டைப் பாருங்கள். 20 நிமிடத்தில் 8 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பார்க்க, 20 நிமிடத்தை மூன்றால் பெருக்கினால் 60. எட்டையும் மூன்றால் பெருக்கினால் 24. ஆக வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். கோடு எவ்வளவு உயர்ந்தது என்பதை, எவ்வளவு வலப்பக்கம் நகர்ந்தது என்பதால் வகுப்பதுதான் சாய்வு. செங்குத்து அச்சில் கிலோமீட்டரும் கிடை அச்சில் மணியும் இருப்பதால், வகுத்து வருவது 'மணிக்கு இத்தனை கிலோமீட்டர்' என்றே வந்து நிற்கிறது. சாய்வுதான் வேகம் என்று மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. அச்சுகளின் அலகுகளை வகுத்துப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

அடுத்தது கல்லாறு முதல் ஹில்குரோவ் வரை. 7.40-க்கும் 8.40-க்கும் இடையே, சரியாக ஒரு மணி நேரத்தில், 18-இலிருந்து 8 போக 10 கிலோமீட்டர். வேகம் மணிக்கு 10. அதற்கடுத்து ஹில்குரோவ் முதல் குன்னூர் வரை அதே 10 கிலோமீட்டருக்கு 75 நிமிடம். வேகம் மணிக்கு 8 மட்டும். இந்த இரண்டு துண்டுகளும்தான் பல் தண்டவாளப் பகுதி. மலையில் ஏற்றம் கூடக் கூட ரயில் மெதுவாகிறது. ரயில் மெதுவாக ஆக ஆகக் கோடு படுத்துக்கொள்கிறது. அதனால்தான் மலை செங்குத்தாக நிமிரும் இடத்தில் வரைபடக் கோடு சாய்ந்து கிடக்கிறது. குன்னூரைத் தாண்டியதும் 75 நிமிடத்தில் 18 கிலோமீட்டர், அதாவது மணிக்கு 14.4, கோடு மறுபடி நிமிர்கிறது. ரயில் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பற்றி இந்தத் தாளில் ஒரு சொல்லும் கிடையாது. மேட்டுப்பாளையத்தை 330 மீட்டர் உயரத்திலிருந்தும் ஊட்டியை 2,200 மீட்டர் உயரத்திலிருந்தும் பிடுங்கி ஒரே சமவெளியில் நட்டு, இதே நேரங்களில் ரயிலை ஓட்டினாலும் இதே கோடுதான் வரும்.

ஸ்கேல் வைத்துக் கோட்டை அளப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் தாளில் முதல் துண்டு 16 மில்லிமீட்டர் உயர்ந்து 4 மில்லிமீட்டர் வலப்பக்கம் போகிறது. 16-ஐ 4-ஆல் வகுத்து 4 என்று சொன்னால் தவறு. அது மில்லிமீட்டருக்கு மில்லிமீட்டர், மணிக்குக் கிலோமீட்டர் இல்லை. கோணமானி வைத்துக் கோணத்தை அளப்பதும் அதே தவறுதான். நேர அச்சை இரண்டு மடங்கு நீட்டி வரைந்தால் கோடுகள் எல்லாம் சாய்ந்துவிடும், ரயிலோ அதே வேகத்தில்தான் ஓடியிருக்கும். எனவே, உயர்வையும் நகர்வையும் எப்போதும் அச்சில் எழுதியிருக்கும் எண்களைக் கொண்டே எடுக்க வேண்டும். ஒரே தாளில் உள்ள இரண்டு கோடுகளில் எது வேகமானது என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். வெவ்வேறு அளவுகோலில் வரைந்த இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

நிறுத்தங்களைக் கண்டுபிடிப்பது எளிது. கோடு படுக்கையாகப் போகும் இடமெல்லாம் ரயில் நிற்கிறது. நேரம் ஓடுகிறது, தொலைவு மாறவில்லை. உயர்வு சுழியம், சாய்வும் சுழியம். கல்லாற்றில் 10 நிமிடம், ஹில்குரோவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கவும் பயணிகள் இறங்கி டீ குடிக்கவும் 20 நிமிடம், குன்னூரில் இன்ஜின் மாற்ற அரை மணி. ஊட்டியில் 12 மணி முதல் 2 மணி வரை ஒரு நீளமான படுக்கைக் கோடு. இங்கேயும் படமாகப் பார்க்கும் பழக்கம் காலை வாரும். "மேலே ஏறிய பிறகு ரயில் சமதளத்தில் ஓடுகிறது" என்று அந்தப் படுக்கைக் கோட்டுக்குப் பொருள் சொல்பவர்கள் உண்டு. ஓடவே இல்லை, ஊட்டி நிலையத்தில் நின்றுகொண்டிருக்கிறது.

2 மணிக்குப் பிறகு கோடு கீழே இறங்கத் தொடங்குகிறது. இறங்கும் கோட்டின் பொருள், மேட்டுப்பாளையத்திலிருந்து உள்ள தொலைவு குறைகிறது, அதாவது ரயில் திரும்பி வருகிறது என்பதுதான். இந்த ரயில் உண்மையிலேயே மலையிலிருந்து இறங்குவதால் கோடும் இறங்குகிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது தற்செயலான பொருத்தம். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போய்த் திரும்பும் ரயிலுக்கு, சென்னையிலிருந்து உள்ள தொலைவை வைத்து வரைந்தாலும் திரும்பும் கோடு இப்படியே இறங்கும். ஊட்டியை 0 என்று வைத்துத் தொலைவை அளந்தாலோ, காலையில் மலை ஏறும்போது கோடு இறங்கும், மாலையில் மலை இறங்கும்போது கோடு ஏறும்.

கீழிறங்கும் கோட்டுக்குச் சாய்வு கணக்கிட்டால் எதிர்க்குறி வரும். ஊட்டியிலிருந்து குன்னூருக்கு: தொலைவு 46-இலிருந்து 28-க்குக் குறைகிறது, மாற்றம் −18; நேரம் ஒன்றேகால் மணி; சாய்வு −14.4. எதிர்க்குறி திசையைச் சொல்கிறது, எண் வேகத்தைச் சொல்கிறது. வேகம் என்று கேட்டால் 14.4 என்று மட்டும் சொன்னால் போதும்.

இனி ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒப்பிடுவோம். ஏறும்போது ஹில்குரோவ்–குன்னூர் துண்டில் வேகம் 8. இறங்கும்போது அதே துண்டுக்கு 50 நிமிடம், வேகம் 12. இறக்கம்தானே, இன்னும் வேகமாக வரலாமே என்று தோன்றும். பல் தண்டவாளத்தில் பாரம் முழுவதையும் பிடித்து நிறுத்தியபடியே இறங்க வேண்டும். அங்கே வேகம் கட்டுப்பாட்டை மீறக் கூடாது. இன்ஜின் கீழ்ப்பக்கம் இருந்து பெட்டிகளைத் தாங்கிக்கொண்டு இறங்குகிறது. அதனால் இறங்கும் கோடும் அந்தப் பகுதியில் செங்குத்தாக விழுவதில்லை. கல்லாற்றைத் தாண்டியதும், கடைசி 8 கிலோமீட்டரை 20 நிமிடத்தில் கடக்கும் துண்டு காலையில் எழும்பிய துண்டின் கண்ணாடிப் பிம்பம்போல் விழுகிறது. வேகம் மறுபடி 24.

சராசரி வேகத்துக்கு வருவோம். 7.10 புள்ளியையும் 12 மணிப் புள்ளியையும் ஒரே நேர்கோட்டால் இணையுங்கள். அந்தக் கோட்டின் சாய்வுதான் மொத்தப் பயணத்தின் சராசரி வேகம்: 290 நிமிடத்தில் 46 கிலோமீட்டர், மணிக்கு ஏறக்குறைய 9.5. நிறுத்தங்களில் போன 60 நிமிடத்தைக் கழித்துவிட்டால் ஓடிய நேரம் 230 நிமிடம். ஓடும்போதான சராசரி மணிக்குச் சரியாக 12. எந்தச் சராசரியைக் கேட்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டுதான் விடை சொல்ல வேண்டும். நான்கு துண்டுகளின் வேகங்களான 24, 10, 8, 14.4 ஆகியவற்றைக் கூட்டி நான்கால் வகுப்பவர்களுக்கு 14.1 வரும், அது இரண்டில் எதுவும் இல்லை. 24 என்ற வேகத்தில் ரயில் ஓடியது வெறும் 20 நிமிடம். 8 என்ற வேகத்தில் ஓடியது ஒன்றேகால் மணி. இரண்டுக்கும் சம மதிப்புக் கொடுத்தால் கணக்கு பொய்த்துவிடும்.

இந்த வரைபடம் மறைப்பதும் உண்டு. ஹில்குரோவ் முதல் குன்னூர் வரை நாம் போட்டது ஒரே நேர்கோடு. நடுவே 21-ஆவது கிலோமீட்டரில் ரன்னிமேடு நிலையம் இருக்கிறது. ரயில் 9.20-க்கு அங்கே வந்து, 10 நிமிடம் நின்று, 9.30-க்குக் கிளம்பியது என்று வைத்துக்கொள்வோம். அப்போது முதல் 3 கிலோமீட்டருக்கு 20 நிமிடம், வேகம் 9. மீதி 7 கிலோமீட்டருக்கு 45 நிமிடம், வேகம் 9.3. அப்படியானால் ரயில் 8 என்ற வேகத்தில் சீராக ஓடவே இல்லை. ஒன்பதுக்கு மேல் ஓடியது, நடுவில் நின்றது. நாம் இரண்டு புள்ளிகளை மட்டும் குறித்ததால் நிறுத்தம் கோட்டுக்குள் கரைந்து, வேகத்தைக் குறைத்துக் காட்டியது. நேர்கோடு என்பது அந்த இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட சராசரிதான். புள்ளிகளை நெருக்கமாக வைத்தால்தான் உண்மை தெரியும். ஒவ்வொரு நிமிடமும் புள்ளி வைத்தால், நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது கோடு மெல்ல வளைந்து நிமிர்வதையும், நெருங்கும்போது வளைந்து படுப்பதையும் பார்க்கலாம். கூர்மையான மூலையுடன் வரைந்த கோடு, ரயில் நொடியில் வேகம் பிடித்து நொடியில் நின்றுவிட்டதாகச் சொல்கிறது. எந்த ரயிலும் அப்படிச் செய்வதில்லை.

பள்ளிக் கணக்குக்காகப் பிறந்த வரைபடம் இல்லை இது. 1885-இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியேன் ஜூல் மரே வெளியிட்ட நூலில், பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே ஓடிய ஒரு நாளைய ரயில்கள் அனைத்தும் ஒரே தாளில் சாய்கோடுகளாக வரையப்பட்டிருக்கின்றன. நிலையங்கள் அவற்றின் தொலைவுக்கு ஏற்ப மேலிருந்து கீழாக, நேரம் இடமிருந்து வலமாக. நம் ரயில்வேயின் கோட்டக் கட்டுப்பாட்டு அறைகளிலும் செக்‌ஷன் கன்ட்ரோலர்கள் நெடுங்காலம் இதே முறையில் தாளில் கையால் கோடு போட்டுத்தான் ரயில்களைக் கண்காணித்தார்கள். இப்போது அது கணினித் திரையில் நடக்கிறது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு ரயில்களின் கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ, அங்கேதான் அவை சந்திக்கின்றன. அந்த வெட்டுப்புள்ளி ஒரு நிலையத்துக்கு நேராக, அதுவும் ஒரு ரயிலின் கோடு படுத்திருக்கும் இடத்தில் விழ வேண்டும். இரண்டு நிலையங்களுக்கு நடுவே விழுந்தால் அந்த அட்டவணை தவறு. ஒரு ரயிலை முந்தைய நிலையத்திலேயே காக்க வைத்தாக வேண்டும். ரயில் தாமதமாவதும் அங்கே கோட்டில்தான் தெரிகிறது: போட்ட திட்டக் கோட்டிலிருந்து உண்மைக் கோடு வலப்பக்கம் விலகிக்கொண்டே போகும்.

கோடு சொல்லாத இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். 9.45-க்கு, நிலையமே இல்லாத 23-ஆவது கிலோமீட்டரில் கோடு படுத்துவிட்டது என்று வையுங்கள். ரயில் நடுவழியில் நின்றுவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். எத்தனை நிமிடம் நின்றது என்றும் எண்ணிச் சொல்லலாம். தண்டவாளத்தில் யானை நின்றதா, மழையில் மண் சரிந்ததா, இன்ஜினில் கோளாறா என்பது கோட்டில் இருக்காது. ஆனால் சில கோடுகள் வந்தாலே தவறு என்று சொல்லிவிடலாம். நேரே செங்குத்தாக எழும் கோடு வந்தால் ரயில் ஒரே கணத்தில் பல இடங்களில் இருந்தது என்றாகும். இடப்பக்கம் மடங்கி வரும் கோடு வந்தால் நேரம் பின்னோக்கி ஓடியது என்றாகும். இரண்டில் எதைப் பார்த்தாலும் நேரத்தைக் குறித்தவர் அல்லது வரைந்தவர் தவறிவிட்டார் என்று பொருள்.

தேர்வுத் தாள்களிலும் செய்தித்தாள்களிலும் இந்த வரைபடத்தைப் பார்ப்பவர்கள் எல்லாவற்றுக்கும் முதலில் செங்குத்து அச்சின் பெயரைப் படித்துவிடுங்கள். 'புறப்பட்ட இடத்திலிருந்து உள்ள தொலைவு' என்று இருந்தால்தான் திரும்பி வரும் பயணம் இறங்குகோடாகத் தெரியும். 'ஓடிய மொத்தத் தொலைவு' என்று இருந்தால் கோடு எந்தக் காலத்திலும் இறங்காது. ஊட்டியில் 46-இல் இரண்டு மணி நேரம் படுத்திருந்து, பிறகு மறுபடி ஏறி, மாலை 5.35-க்கு 92-இல் போய் முடியும். வேகங்களையும் நிறுத்தங்களையும் அந்தக் கோடும் சரியாகவே சொல்லும். ரயில் திரும்பி வந்ததா, இன்னும் 46 கிலோமீட்டர் அப்பால் வேறெங்கோ போனதா என்பதை மட்டும் அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.